கயல்விழி 'கே' ஆகிவிட்டால்: அலுவலகத்தில் பெயரைத் திருத்தும் முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடும் வடமாநிலக் குழுக்களோடும் தினமும் வீடியோ காலில் பேசுகிற தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். திரையில் Kayalvizhi என்று தெரிகிற பெயரை டல்லாஸில் இருப்பவர் 'கேயல்விஸி' என்று வாசிப்பார். புனேயில் இருப்பவர் 'கயல்விஜி' என்பார். கொஞ்ச நாள் போனதும் இருவருக்கும் அது வெறும் 'கே' ஆகிவிடும். சொன்னால் அவர் முகம் சுண்டிவிடுமோ, நம்மைக் கறார் பேர்வழி என்று நினைப்பார்களோ என்று நாமும் விட்டுவிடுவோம்.

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. சங்கடம் உண்டாவது இரண்டு காரணங்களால்: ரொம்பத் தாமதமாகச் சொல்வது, சொல்லும்போது நீட்டி முழக்குவது. சீக்கிரமாக, ஒரே மூச்சில், பேச்சின் தொனி மாறாமல் சொல்லிவிட்டால் எதிராளிக்கு அது ஒரு தகவல் மட்டுமே. கீழே வருகிற எல்லாப் படிகளும் இந்தச் சுருக்கத்தை உங்களுக்குக் கைவரச் செய்வதற்காகத்தான். கயல்விழி என்ற பெயரையே கடைசிவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். நீளம், ழகரம், சுருக்க வசதியான முதல் மூன்று எழுத்து என்று எல்லாச் சிக்கலும் அதில் இருக்கிறது.

முதல் படி: எதுவரை சரி என்று நீங்களே முடிவு செய்யுங்கள்

பிழைகள் எல்லாம் ஒரே வகை இல்லை. எழுத்துக்கூட்டைப் பார்த்துத் தவறாக வாசிப்பது ஒன்று. கேட்டும் நாக்கு வளையாதது இன்னொன்று. முழுப் பெயர் தெரிந்தும் தன் வசதிக்குச் சுருக்குவது மூன்றாவது. முதலாவதை ஒரு வாக்கியத்தில் சரிசெய்யலாம். இரண்டாவதில் நீங்கள் கொஞ்சம் இறங்கி வரவேண்டியிருக்கும். மூன்றாவதில் இறங்கி வரத் தேவையில்லை.

வாசிப்புப் பிழைக்குப் பெரும்பாலும் நம் எழுத்துக்கூட்டுத்தான் காரணம். ழகரத்துக்கு zh போடுவது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வழக்கம். ஆனால் ஒரு அமெரிக்கர் zh-ஐப் பார்த்திருப்பது ரஷ்யப் பெயர்களிலும் சீனப் பெயர்களிலும். அங்கே அதன் ஒலி கிட்டத்தட்ட ஜகரத்தின் பக்கம் போகிறது. அவர் 'விஜி' என்றோ 'விஸி' என்றோ சொன்னால் தனக்குத் தெரிந்ததை வைத்துச் சரியாகவே வாசித்திருக்கிறார். th-ம் அப்படித்தான். நாம் தகரத்துக்கு th எழுதுகிறோம், Latha, Karthik, Geetha என்று. இந்தி பேசுபவர்கள் சாதாரணத் தகரத்துக்கு t எழுதி, மூச்சு சேர்ந்த தகரத்துக்குத்தான் h சேர்ப்பார்கள். அதனால் அவர்கள் வாயில் லதாவின் 'தா' மூச்சோடு வரும். இதைத் தெரிந்துவைத்திருந்தால் பாதிக் கோபம் தணிந்துவிடும். குரலில் கோபம் இல்லாததுதான் நல்ல திருத்தத்தின் முதல் தேவை.

அடுத்து, நாக்கு வளையாத ஒலி. நம்மிலேயே பல வட்டாரங்களில் ழகரம் ளகரமாகத்தான் ஒலிக்கிறது. ஈழத்துப் பேச்சிலும் அப்படியே. ஆகவே 'கயல்விளி' என்று ஒரு மராத்திக்காரர் சொன்னால் அதை ஏற்றுக்கொள்வது நியாயம். மராத்தியில் ளகரம் இருக்கிறது, அவருக்கு அது இயல்பாக வரும். அன்றாட இந்தியில் ளகரம் இல்லாததால் இந்திக்காரருக்கு 'கயல்விலி' வரை வரலாம். அதையும் விட்டுவிடலாம். 'விஜி'யை மட்டும் விடவேண்டாம், அது வேறு பெயர். இப்படி 'இது போதும், இது போதாது' என்று ஒரு கோடு உங்கள் மனதில் இருந்தால், காலில் அந்த நொடியில் தயங்கமாட்டீர்கள்.

இரண்டாம் படி: பெயரைக் கற்றுத்தரும் ஒற்றை வரி

திருத்தும்போது பலர் செய்வது, முழுப் பெயரையும் இன்னும் வேகமாக, இன்னும் சத்தமாகத் திரும்பச் சொல்வது. கேட்பவருக்கு அது மறுபடியும் ஒரு புரியாத ஒலிக்கோவை. அவர் மொழியில் ஏற்கெனவே இருக்கிற ஒலிகளைக் கொண்டு பெயரைக் கட்டித்தர வேண்டும்.

அமெரிக்க ஆங்கிலத்தின் r, நாக்கை எங்கேயும் முட்டாமல் உள்ளே இழுத்துச் சொல்கிற ஒலி. ழகரத்துக்கு மிக அருகில் இருப்பது அதுதான். நம்மூர் ரகரம்போல அதில் நாக்கு அண்ணத்தில் அடிக்காது. ஆகவே ஒரு அமெரிக்கரிடம் 'zh-ஐ மறந்துவிடுங்கள், அந்த இடத்தில் உங்கள் r-ஐப் போடுங்கள்' என்றால், அவர் வாயிலிருந்து வருகிற 'விழி' சில சமயம் நம்மையே ஆச்சரியப்படுத்தும். எழுதிக் கொடுப்பதானால் இப்படி:

```
Kayalvizhi = KUH-yul VIH-ree
```

நடுவில் இடைவெளி விட்டிருப்பதைக் கவனியுங்கள். நீளமான பெயரைப் பார்த்ததும் பாதியில் கைவிடுகிறவர்கள், இரண்டு சிறு துண்டாகத் தந்தால் தயங்காமல் சொல்கிறார்கள். KUH என்று போட்டதற்கும் காரணம் உண்டு: ஆங்கிலக் கண்ணுக்கு Kay என்பது 'கே'தான். அந்த மூன்றெழுத்தை உடைத்தால்தான் 'கே' போகும். லதாவுக்கு LUH-thah என்று எழுதி, th-ஐ the என்ற சொல்லில் வருவதுபோலச் சொல்லச் சொல்லுங்கள்; think-இல் வருவதுபோல அல்ல. கார்த்திகேயனுக்கு KAR-ti KAY-yun; இங்கே தகரம் வல்லோசை என்பதால், நாக்கு நுனியைப் பல்லில் வைத்து t சொல்லச் சொல்லுங்கள்.

தெரிந்த சொல்லோடு பொருத்த முடிந்தால் இன்னும் நல்லது. கமலா ஹாரிஸ் தன் பெயரை அமெரிக்கர்களுக்குச் சொல்லித் தந்தது அப்படித்தான்: நிறுத்தற்குறி 'காமா', பின்னால் ஒரு 'லா'. 2016-இல் செனட் தேர்தலில் நின்றபோது, பெயரை எப்படிச் சொல்லக் கூடாது, எப்படிச் சொல்ல வேண்டும் என்று குழந்தைகள் சொல்லிக்காட்டும் காணொளி ஒன்றை அவர் தரப்பு வெளியிட்டது. தமிழ்க் காதுக்கு அது அச்சு அசலான 'கமலா' இல்லை. ஆனால் 'கமேலா' என்று நடுவில் அழுத்துவதைத் தடுக்கிறது. அவர் போட்ட கோடு அது.

வாயால் சொல்லித் தரும்போது பின்னாலிருந்து தொடங்குங்கள். 'ழி', 'விழி', 'யல்விழி', 'கயல்விழி'. மொழி ஆசிரியர்கள் நீண்ட சொற்களுக்கு இதே உத்தியைக் கையாள்வதுண்டு. முன்னாலிருந்து சொன்னால் கடைசி அசை வரும்போது திணறிப்போய் விழுங்கிவிடுவார்கள். பின்னாலிருந்து வந்தால், சொல்லச் சொல்லப் பழகிய பகுதிக்குள் போய் முடிகிறது. பத்து விநாடிகூட ஆகாது. பெயருக்கு என்ன பொருள், மீனுக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு என்பதையெல்லாம் அப்போது சொல்லவேண்டாம்; கதை நினைவிருக்கும், ஒலி மறந்துபோகும்.

மூன்றாம் படி: ஆளைத் திருத்துமுன் திரையைத் திருத்துங்கள்

ஒவ்வொருவராகத் திருத்திக்கொண்டிருக்கும்போது அலுவலக டைரக்டரி தினமும் புதிதாக ஒருவருக்குத் தவறாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தால் என்ன பயன்? முதலில் அதைப் பாருங்கள்.

தமிழர்களுக்கு இதில் தனியாக ஒரு தொல்லை, அப்பா பெயர். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லாததால் இனிஷியலை விரித்து, அப்பாவின் பெயரைப் பாஸ்போர்ட்டின் Surname கட்டத்தில் போடுகிறோம். அலுவலக மென்பொருள் சில சமயம் அதை முன்னால் கொண்டுவந்து Murugesan, Kayalvizhi என்று காட்டும். காலை மின்னஞ்சல் 'ஹாய் முருகேசன்' என்று வரும். ஒரே பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு அமெரிக்கா போனவர்களுக்கு இன்னும் மோசம்: விசாவில் முதல்பெயர் இடத்தில் FNU என்று அச்சாகும், 'முதல்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம். அதையே பெயர் என்று நினைத்து 'ஃப்னு' என்று கூப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

மனிதவளத் துறை மென்பொருள்கள் பலவற்றில் சட்டப்பூர்வப் பெயருக்கு ஒரு கட்டமும் Preferred name என்று ஒரு கட்டமும் தனித்தனியே உண்டு. சட்டப்பூர்வப் பெயரைத் தொடவேண்டாம். சம்பளம், விசா எல்லாம் அதில்தான் ஓடும். இரண்டாவது கட்டத்தில் Kayalvizhi என்று மட்டும் போட்டு, டைரக்டரியிலும் மின்னஞ்சலிலும் அதைக் காட்டச் சொல்லி ஐடி பிரிவுக்கு ஒரு டிக்கெட் போடுங்கள்.

அப்புறம் ஒலிப்பதிவு. லிங்க்ட்இன் கைபேசிச் செயலியில் பெயரைப் பத்து விநாடிக்குள் பேசிப் பதியலாம். ஸ்லாக் சுயவிவரத்தில் Name pronunciation என்று எழுதும் கட்டமும், குரலைப் பதியும் வசதியும் இருக்கின்றன. டீம்ஸ், அவுட்லுக் சுயவிவர அட்டையிலும் குரல் பதியலாம், உங்கள் நிறுவனம் அதைத் திறந்துவிட்டிருந்தால். ஒருமுறை துண்டு துண்டாக, ஒருமுறை இயல்பான வேகத்தில் என்று இரண்டு தரம் சொல்லிப் பதியுங்கள். மின்னஞ்சல் கையொப்பத்தில் பெயருக்குக் கீழே அந்த KUH-yul VIH-ree வரியையும் சேருங்கள். பலர் கேட்க வெட்கப்பட்டுத்தான் சும்மா இருக்கிறார்கள். யாருக்கும் தெரியாமல் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு வர அவர்களுக்கு இது ஒரு வழி.

நான்காம் படி: முதல் முறை தவறும்போது

புதியவர் ஒருவர் 'கேயல்விஸி' என்கிறார். அப்போதே, உங்கள் பதிலின் முதல் சொல்லாகத் திருத்தம் வரவேண்டும்: 'கயல்விழி. ஆமாம், அந்த அறிக்கை தயார்.' பெயருக்குப் பிறகு நிறுத்தாமல் வேலைக்குள் போய்விடுங்கள். அந்த இடைவெளியில்தான் சங்கடம் நுழையும். மன்னிப்பு வேண்டாம், அசட்டுச் சிரிப்பு வேண்டாம், 'கஷ்டமான பெயர்தான்' என்ற ஒத்துழைப்பும் வேண்டாம். அவர் 'நான் சரியாகச் சொன்னேனா?' என்று கேட்டால் மட்டும் இரண்டாம் படியில் தயார் செய்த வரியை எடுங்கள்.

இங்கே நம் வாயிலிருந்து தானாக விழும் ஒரு வாக்கியம் உண்டு: 'பரவாயில்லை, எப்படி வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்.' பணிவாகச் சொல்கிறோம். கேட்பவர் அதை அனுமதியாக எடுத்துக்கொள்கிறார், அப்படி எடுத்துக்கொள்வதில் தவறும் இல்லை. ஆறு மாதம் கழித்து அதே ஆளிடம் 'அப்படிக் கூப்பிடாதீர்கள்' என்றால் அவர் குழம்பத்தான் செய்வார். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்தாலே பின்னால் வரும் பாதி வேலை மிச்சம்.

சந்திப்பின் தொடக்கத்தில் அவர் பெயரை நீங்கள் முதலில் கேட்பது இன்னும் இலகுவான வழி. Siobhan என்ற ஐரிஷ் பெயரைப் பார்த்து 'சியோபன்' என்று படித்தால் தப்பு, அது 'ஷிவோன்'. 'உங்கள் பெயரை நான் சரியாகச் சொல்கிறேனா?' என்று கேட்டால் அவர் சொல்லிக்கொடுப்பார், உடனே உங்கள் பெயரையும் கேட்பார். இருவரும் ஒருவரையொருவர் திருத்திக்கொண்டதாக ஆகிவிடும். இதை உத்தியாக மட்டும் செய்யாதீர்கள், உண்மையாகவே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பழகிப்போன தவறு

கடினமானது இதுதான். கயல்விழி சென்னையில் மென்பொருள் சோதனையாளர் என்று வைத்துக்கொள்வோம். டல்லாஸ் மேலாளர் ஆறு மாதமாக 'கே' என்கிறார். எட்டுப் பேர் குழுவில் அவரைப் பார்த்து மற்றவர்களும் 'கே' என்கிறார்கள். எல்லோரையும் திருத்த வேண்டாம். பெயரைப் பரப்புகிறவர் ஒருவர்தான், அவரைத் திருத்தினால் போதும்.

வாரத் தொடக்கத்தில் மூன்றாம் படியில் சொன்ன திரை வேலைகளை முடித்துவிடுங்கள். மறுநாள், குழுவின் கால் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு, மேலாளருக்குத் தனிச் செய்தி. முந்தின இரவே அனுப்பினால் ரொம்ப யோசிப்பார். கால் நடுவில் அனுப்பினால் பதறுவார். உங்கள் ஆங்கிலத்தில் இந்த அளவுக்கு எழுதுங்கள்:

'ஒரு சின்ன விஷயம். என்னை கயல்விழி என்று முழுப் பெயரில் கூப்பிட்டால் எனக்குப் பிடிக்கும். முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொல்வது இப்படி: KUH-yul VIH-ree, zh இருக்கும் இடத்தில் உங்கள் r. சுயவிவரத்தில் குரலும் பதிந்திருக்கிறேன். இன்றைய காலில் உள்நுழைவுப் பிழை பற்றிய அறிக்கையை நான் சொல்கிறேன்.'

கடைசி வாக்கியம் முக்கியம். அது செய்தியை வேலையோடு முடிக்கிறது, பெரிய மனக்குறையாகத் தொங்கவிடுவதில்லை. 'முன்பே சொல்லியிருக்க வேண்டும்' என்பது ஒரே ஒரு முறை. அது அவரைக் குற்றவுணர்விலிருந்து விடுவிக்கிறது. 'ஆறு மாதமாக மனசுக்குக் கஷ்டமாக இருந்தது' என்று சேர்த்தால் அவர் உங்களைத் தேற்றவேண்டிய நிலைக்கு வருவார், பெயர் பின்னுக்குப் போய்விடும்.

காலில் உங்கள் முறை வரும்போது 'கயல்விழி பேசுகிறேன்' என்று தொடங்குங்கள். மற்ற ஏழு பேர் காதிலும் சரியான ஒலி விழுகிறது. மேலாளர் நாக்குத் தவறி 'கே... கயல்விழி' என்றால் அது வெற்றி, அந்தத் தடுமாற்றமே பழக்கம் மாறுவதன் அடையாளம். ஒன்றும் சொல்லாதீர்கள். 'கே' என்றே சொல்லிவிட்டால் 'கயல்விழி' என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொடருங்கள். அவர் மன்னிப்புக் கேட்டால் 'நன்றி', அவ்வளவுதான். ஆறு மாதப் பழக்கம் ஒரே நாளில் போகாது. சில வாரங்கள் இப்படி ஓடும்.

இன்னொரு அறிகுறியைக் கவனியுங்கள். சிலர் திருத்தியதும் உங்கள் பெயரையே சொல்லாமல் நழுவுவார்கள். மற்றவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், உங்களிடம் வரும்போது மட்டும் 'ஹாய்', 'நீங்கள் சொல்லுங்கள்'. அது அலட்சியம் இல்லை, தப்பாகிவிடுமோ என்ற பயம். அவரைத் தனியாகப் பார்க்கும்போது பின்னாலிருந்து நான்கு அசையையும் ஒருமுறை சொல்லிக் கொடுங்கள். அவர் 'விளி' என்றாலும் 'சரியாக வந்துவிட்டது' என்று சொல்லுங்கள். நீங்கள் போட்ட கோட்டுக்குள் அது இருக்கிறதே.

மேலதிகாரி தமிழரே என்றால் முறை வேறு. வயதிலும் பதவியிலும் மூத்தவருக்குச் செய்தி அனுப்பித் திருத்தினால் எழுத்தில் அது கொஞ்சம் விறைப்பாகத் தெரியும். நேரில், வேறு பேச்சு முடிந்து கிளம்பும்போது, 'சார், என்னைக் கயல்விழின்னே கூப்பிடுங்க சார், அதுதான் எனக்குப் பிடிக்கும்' என்றால் பெரும்பாலும் முடிந்தது. அதுவும் கூச்சமாக இருந்தால் சான்றிதழ், விருந்தினர் பட்டியல், வாடிக்கையாளருக்கு அறிமுகம் என்று பெயர் துல்லியமாகத் தேவைப்படும் ஒரு சமயத்தைப் பயன்படுத்துங்கள்: 'சார், அறிமுகம் செய்யும்போது முழுப் பெயர் சொல்லிடுங்க.' அவர் ஒருமுறை சபையில் சொல்லிவிட்டால் அதுவே நிலைத்துவிடும்.

ஆறாம் படி: சுருக்கம்

சுருக்கிக் கூப்பிடுவதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். வீட்டில் நாம் எல்லோருமே சுப்பிரமணியனை மணி என்றும் பாலசுப்பிரமணியத்தை பாலா என்றும்தான் அழைக்கிறோம். கயல்விழிக்கு 'கயல்' பிடித்திருந்தால் அதைத் தாராளமாகத் தரலாம். ஆனால் தருகிறவர் நீங்களாக இருக்கவேண்டும். 'கே வேண்டாம்' என்று மட்டும் சொல்வதைவிட 'கயல்விழி, இல்லாவிட்டால் கயல்' என்று சொல்வது எளிதாக வேலை செய்யும், ஏனென்றால் சுருக்குபவருக்கு ஒரு போக்கிடம் கிடைக்கிறது. பிடிக்கவில்லையா, தராதீர்கள். பாதி மனதோடு கொடுத்த சுருக்கத்தைத் திரும்ப வாங்குவது ரொம்பக் கஷ்டம்.

கிரிக்கெட் வீரர் சேதேஷ்வர் புஜாரா இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் அணிக்கு ஆடியபோது, பெயர் வாயில் நுழையவில்லை என்று சக வீரர்கள் அவரை 'ஸ்டீவ்' என்று கூப்பிட்டார்கள். அவர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. சேதேஷ்வர் என்பதே தனக்குப் பிடிக்கும் என்று மட்டும் ஒரு பேட்டியில் சொன்னார். ஆனால் 2021-இல் அதே அணியின் முன்னாள் வீரர் அஸீம் ரஃபீக் கிளப்பின் இனவெறி பற்றிப் பேசியபோது இந்த 'ஸ்டீவ்' திரும்ப வந்தது. அந்தப் பெயரை வைத்த சக வீரர் புஜாராவைத் தொடர்புகொண்டு மன்னிப்புக் கேட்டார். விளையாட்டாகத் தொடங்குகிற சுருக்கத்தை, விளையாட்டாக இருக்கும்போதே மறுப்பது இரு தரப்புக்கும் நல்லது.

ஏழாம் படி: வேண்டுமென்றே செய்கிறவர்

தெரியாததையும் முடியாததையும் தாண்டி இன்னொன்று இருக்கிறது. 2020 அக்டோபரில் ஜார்ஜியாவில் நடந்த தேர்தல் கூட்டத்தில் செனட்டர் டேவிட் பெர்டியூ கமலா ஹாரிஸின் பெயரைக் குதறிவிட்டு, 'என்னவோ ஒன்று' என்கிற தொனியில் சிரிக்கவைத்தார். 2017-லிருந்து இருவரும் ஒரே செனட்டில் உட்கார்ந்திருந்தவர்கள். அது நாக்குக் கோளாறு இல்லை.

அலுவலகத்தில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. நீங்கள் தனியாகச் சொல்லியாகிவிட்டது, நடுவில் திருத்தியாகிவிட்டது, மற்றவர்கள் மாறிவிட்டார்கள். அவர் மட்டும் அதே 'கே', அதுவும் ஆள் கூட்டம் இருக்கும்போது கொஞ்சம் அழுத்தி. இனி இலகுவான தொனி உதவாது. தனியாக அழைத்து நேராகச் சொல்லுங்கள்: 'என் பெயர் கயல்விழி. கே என்று கூப்பிடவேண்டாம் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். இனி அப்படிக் கூப்பிடாதீர்கள்.' சிரிக்காமல், காரணம் அடுக்காமல். பேசி முடித்ததும் அதையே இரண்டு வரி மின்னஞ்சலாக அவருக்கு அனுப்பிவையுங்கள்.

அந்த மின்னஞ்சல் எதற்கு என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். அமெரிக்காவில் எல்-ஹகீம் என்ற அரபு ஊழியரை, அரபுப் பெயரைவிட மேற்கத்தியப் பெயர் வாடிக்கையாளர்களிடம் எடுபடும் என்று, நிறுவனத் தலைவர் 'மேனி' என்றே கூப்பிட்டுவந்தார். ஊழியர் திரும்பத் திரும்ப மறுத்தார். வழக்கு ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போனது. தோல் நிறத்தையோ உடல் தோற்றத்தையோ தொடாமல், பெயரை மாற்றிக் கூப்பிடுவதுகூட இனப் பாகுபாடாகலாம் என்று 2005-இல் அந்த நீதிமன்றம் அவருக்குச் சாதகமான தீர்ப்பை உறுதிசெய்தது. அங்கே எடைபோட்டது ஒரு தடவை தவறியதை அல்ல, மறுத்த பிறகும் தொடர்ந்ததை. இந்தியச் சட்டம் வேறு, ஆனால் மனிதவளத் துறையிடம் போகும்போது எங்கேயும் முதலில் கேட்கப்படுவது அதேதான்: வேண்டாம் என்று எப்போது சொன்னீர்கள், அதன்பிறகு எப்போதெல்லாம் நடந்தது? தேதி, எந்தக் கூட்டம், யார் இருந்தார்கள் என்று நடந்த அன்றே குறித்துவையுங்கள். புகாரில் உங்கள் மனவருத்தத்தைவிட இந்தக் குறிப்பை முன்னால் வையுங்கள். அவரைத் தண்டிக்கக் கேட்கிறீர்களா, கூப்பிடுவதை நிறுத்தக் கேட்கிறீர்களா என்பதையும் தெளிவாக எழுதுங்கள். இரண்டாவதைத்தான் கேட்கிறீர்கள் என்று தெரிந்தால் மனிதவளத் துறை வேகமாக நகரும்.